வெற்றிடம் என்று எண்ணி வெட்டியது

ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து சென்ற மாதம் ஒன்றேகால் பக்கத்தை நீக்கினேன். மட்டாஞ்சேரிப் பகுதியின் கையெழுத்துப் பெயர்ப்பலகைகளில் மலையாள அனுஸ்வாரம் இரண்டு தடிமன்களில் வருகிறது என்றும், மெல்லிய வடிவத்துக்கு ஓவியர்கள் தனித் தூரிகை எடுத்திருக்க வேண்டும் என்றும் அந்தப் பக்கம் வாதிட்டது. அட்டவணையும் படவரிசையும் அதற்கு இருந்தன. அத்தனையும் தவறு. பிஎன்ஜி படங்களின் வெற்று ஓரங்களை நீக்குவதற்காக நான் எழுதிய பன்னிரண்டு வரி நிரலில் அந்தத் தவறு பிறந்தது. எழுத்துருவங்களோடு வேலை செய்யும் மாணவர்கள் பலரும் இதே வேலையை ஏதேனும் ஒரு வழியில் செய்கிறோம் என்பதால் நடந்ததை விரிவாக எழுதிவைக்கிறேன்.

சுள்ளிக்கல்லில் மாடி அறை ஒன்றில் குடியிருக்கிறேன். இங்கிருந்து பாண்டிக்குடி வழியாக மட்டாஞ்சேரிக்கும், அங்கிருந்து பஜார் சாலையின் பழைய பண்டகசாலைகளுக்கும் நடந்தே போகலாம். ஃபிளெக்ஸ் அச்சு வருவதற்கு முன் தூரிகையால் எழுதப்பட்ட பலகைகளும் சுவரெழுத்துகளும் வீட்டுப் பெயர்களும் இந்தத் தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றரை ஆண்டில் 118 பலகைகளைப் படமெடுத்தேன். ஒவ்வொரு படத்தையும் நேராக்கி, ஒவ்வோர் எழுத்தையும் பின்னணியிலிருந்து பிரித்து, பின்னணி ஒளிபுகும் தனித்தனிப் பிஎன்ஜி கோப்புகளாகச் சேமித்தேன். ஏறத்தாழ 1,900 கோப்புகள் சேர்ந்தன.

எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாலும் கோப்பின் அளவு சுருங்குவதில்லை. 1600 பிக்சல் அகலமும் 1200 பிக்சல் உயரமும் கொண்ட திரையில் ஓர் எழுத்து எங்கோ ஒரு மூலையில் இருக்கும். சுற்றியிருப்பது ஒன்றுமில்லாத பரப்பு. இத்தகைய கோப்புகளை ஒரு கோப்புறையில் திறந்தால் குறும்படங்களில் எழுத்து கடுகளவே தெரியும். அவற்றை ஒப்பிட முடியாது, அட்டவணையில் அடுக்கவும் முடியாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பிக்சல்கள் அனைத்தையும் உள்ளடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தைக் கண்டறிந்து அதற்கு வெளியே உள்ளதை வெட்டிவிட வேண்டியிருந்தது.

இதன் உள்வேலை எளியது. பிஎன்ஜியின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு ஆல்பா என்ற நான்காம் எண்ணும் இருக்கலாம். வழக்கமான எட்டு பிட் கோப்பில் அது 0 முதல் 255 வரை போகும். 0 என்றால் அந்தப் பிக்சல் முற்றிலும் ஒளிபுகுவது. 255 என்றால் முழுத் திண்மை. நிரல் மேலிருந்து ஒவ்வொரு கிடைவரிசையாக இறங்கி, ஆல்பா சுழியாக இல்லாத பிக்சல் முதலில் எங்கே வருகிறது என்று பார்க்கும். அதுவே மேல் எல்லை. அவ்வாறே கீழிருந்தும் இடமிருந்தும் வலமிருந்தும் மற்ற மூன்று எல்லைகள் கிடைக்கும். பைத்தானின் பில்லோ நூலகத்தில் இதற்கு `getbbox` என்ற செயல் உண்டு. அது இடம், மேல், வலம், கீழ் என்ற வரிசையில் நான்கு எண்களைத் தரும். கடைசி இரண்டும் எழுத்தின் இறுதிப் பிக்சலுக்கு ஒன்று அப்பால் நிற்பவை; அதனால் வலத்திலிருந்து இடத்தைக் கழித்தாலே அகலம் வந்துவிடும், ஒன்றைக் கூட்ட வேண்டியதில்லை.

முதல் நாளிலேயே ஒரு தடங்கல் வந்தது. வீட்டுப் பெயர்ப்பலகை ஒன்றில் மலையாளத்தில் 'மடம்' என்று எழுதியிருந்தது. அதன் நடு எழுத்தைப் பிரித்தெடுத்த கோப்பில் செவ்வகத்தைக் கேட்டபோது (0, 0, 1600, 1188) என்ற விடை கிடைத்தது. நானூறு பிக்சல் அகலம்கூட மதிக்க முடியாத எழுத்துக்குத் திரை முழுவதும் எல்லையாம். கோப்பைத் திறந்து எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் எழுத்தைத் தவிர எதுவும் புலப்படவில்லை.

தெரியாததற்குக் காரணம், மிச்சமிருந்தவை அத்தனை மங்கலாக இருந்ததுதான். பின்னணியை நான் அழித்தது ஓரம் மென்மையான அழிப்பான் தூரிகையால். அத்தகைய தூரிகை நடுவில் முழுமையாக அழித்தாலும் விளிம்பில் சிறிது மிச்சம் வைக்கும். இரண்டு இழுப்புகளுக்கு இடையில் ஆல்பா 1, 2, 3 என்ற மதிப்புகளில் தூசி படிந்துவிடும். 255-இல் 2 என்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எந்தத் திரையிலும் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. நிரலுக்கோ சுழி அல்லாத எதுவும் தெரியும் பிக்சல்தான். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு: ஆல்பாவை மட்டும் தனியே எடுத்து, சுழிக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் வெள்ளையாக்கிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தபோது கரும்பலகையில் ஈரத்துணி போன தடம்போல அழிப்பானின் பாதை முழுவதும் வெளிப்பட்டது.

எனவே 'தெரியும்' என்பதற்கு ஓர் எல்லை மதிப்பு வகுக்க வேண்டியிருந்தது. எந்த எண்? அதே கோப்பை வெவ்வேறு மதிப்புகளில் அளந்தேன். குறைந்தது 1 என்றால் 1600-க்கு 1188. குறைந்தது 4 என்றால் 655-க்கு 540. எட்டுக்கு வந்ததும் 413-க்கு 406 என்று சட்டெனச் சுருங்கியது. பதினாறில் 412-க்கு 405. 64-இல் 410-க்கு 403. 128-இல் 408-க்கு 401. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் விழுந்த அளவு எட்டுக்குப் பின் ஓரிரண்டு பிக்சல்களாக மட்டுமே குறைகிறது. அந்தத் திருப்பத்துக்கு முன்னால் கணக்கில் வந்தது தூசி. பின்னால் குறைவது எழுத்தின் மென்மையான விளிம்பு. திருப்பத்தைச் சற்றுக் கடந்து 16 என்று வைத்துக்கொண்டேன். எல்லாப் படங்களுக்கும் பொதுவான எண் இது என்று சொல்ல மாட்டேன். வெயிலில் வெளுத்த சுவரெழுத்தில் வண்ணமே பாதி ஒளிபுகுவதாகப் பிரிந்து வரும். அங்கே இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும்.

```python
from PIL import Image

im = Image.open("matham_2.png").convert("RGBA")
mask = im.getchannel("A").point(lambda a: 255 if a >= 16 else 0)
l, t, r, b = mask.getbbox()
box = (max(l-2, 0), max(t-2, 0),
       min(r+2, im.width), min(b+2, im.height))
im.crop(box).save("matham_2_trim.png")
```

இதில் `mask` அளப்பதற்கு மட்டும் பயன்படுகிறது, வெட்டப்படுவது மூலப்படம். முகமூடியையே சேமித்தால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டுப்போல் ஆகிவிடும். எல்லை மதிப்பால் இழந்த மென்விளிம்பு திரும்ப உள்ளே வரட்டும் என்பதற்காக நாற்புறமும் இரண்டு பிக்சல் விளிம்பு விட்டேன். கீழே நான் சொல்லும் அளவுகள் அந்த விளிம்பைச் சேர்க்காதவை. இன்னொன்று: படம் முழுவதும் வெறுமையாக இருந்தால் `getbbox` எண்களுக்குப் பதிலாக `None` தரும். மேலுள்ள நிரல் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லது. விடையைப் பிரிக்காமல் அப்படியே `crop`-க்குக் கொடுத்தால் அது எதையும் வெட்டாமல் முழுப்படத்தின் நகலைத் தந்துவிட்டுப் பேசாமல் போய்விடும்.

ஆல்பாவைத் தனியே பிரித்து அளப்பதற்கும் காரணம் உண்டு. அழிக்கப்பட்ட பிக்சலில் ஆல்பா சுழியாகிறதே தவிர, அதன் நிறம் கோப்பிலிருந்து போய்விடும் என்பதற்கு உறுதி இல்லை. நிறத்தையும் ஆல்பாவையும் பெருக்காமல் தனித்தனியாக வைப்பதே பிஎன்ஜியின் அமைப்பு. ஆல்பாவை மட்டும் மீண்டும் 255 ஆக்கியபோது என் கோப்புகள் சிலவற்றில் சுவரும் மின்கம்பியும் பலகையின் கீழே எழுதியிருந்த தொலைபேசி எண்ணும் அப்படியே எழுந்து வந்தன. நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்து எல்லை தேடும் நிரல் இத்தகைய படத்தில் எதையும் வெட்டாது. களப்படங்களில் பிறர் முகங்களை அழித்துவிட்டதாக நம்பிக் கோப்பைப் பகிர்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கவனமாகச் செய்த வேலைதான் தவறான பக்கத்தை எழுத வைத்தது.

1,900 கோப்புகளையும் வெட்டி முடித்தபின், அட்டவணையில் ஒரே சீராக நிற்கட்டும் என்று ஒவ்வொன்றையும் 200 பிக்சல் உயரத்துக்கு மாற்றினேன். பிறகு குறும்படங்களைக் கண்ணால் பார்த்து எழுத்துவாரியாகப் பிரித்தேன். வட்டங்கள் எல்லாம் ஒரே கோப்புறைக்குப் போயின. அனுஸ்வாரம் என்று பெயரிட்டேன். 93 வட்டங்கள். அவற்றில் 86 தடித்த கோட்டாலும் ஏழு மெல்லிய கோட்டாலும் ஆனவை. அட்டவணையில் அனுஸ்வாரத்துக்கு இரு வடிவங்கள் என்று குறித்துக்கொண்டேன். டகர வரிசையில் இரண்டாம் எழுத்தின் கட்டம் காலியாக இருந்தது. மலையாள இலக்கணம் அதிகரம் என்று வகைப்படுத்தும் அந்த டகரம் வழக்கில் அரிது. என் தொகுப்பில் அது இல்லாமற் போனதில் வியப்பில்லை என்று அடிக்குறிப்பும் எழுதினேன்.

நெறியாளர் வரைவைப் படித்துவிட்டு அழைத்தார். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் அழைப்போம். படவரிசையில் விரலை வைத்து, "இந்த ஏழும் எந்தச் சொற்களிலிருந்து வந்தவை?" என்று கேட்டார்.

"பார்த்துச் சொல்கிறேன் டீச்சர்."

"அதைப் பார்க்காமல் தூரிகை வரைக்கும் எப்படிப் போனீர்கள்?"

அன்று மாலை அறைக்குத் திரும்பிக் கோப்புப் பெயர்களைப் பார்த்தேன். மடம், பாடம், பீடம், பாடபுத்தகம் என்று தமிழில் நாம் எழுதும் சொற்களின் மலையாள வடிவங்கள். ஏழு மெல்லிய வட்டங்களில் ஐந்து, ஒரு தடித்த வட்டத்துக்கு நேர் முன்னால் வந்தன. மற்ற இரண்டும் 'பாட' என்ற பகுதிக்குள், பகரத்துக்கு முன்னால். மாற்றொலிகளின் வருகைச் சூழலைப் பட்டியலிடும் பயிற்சியை முதுகலை முதல் பருவத்திலேயே செய்தவன் நான். ஒரு வடிவம் ஏறத்தாழ எப்போதும் இன்னொரு வடிவத்துக்கு முன்னால் மட்டும் வருகிறது என்றால் இரண்டும் ஒரே எழுத்தாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும்: அதிகர டகரம் ஒரு பெரிய வட்டம், அனுஸ்வாரம் ஒரு சிறிய வட்டம். 'மடம்' என்ற சொல்லில் மகரத்துக்கு அடுத்துப் பெரிய வட்டமும் அதற்கடுத்துச் சிறிய வட்டமும் நிற்கும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் அளவு ஒன்றுதான்.

அந்த வீட்டுப் பெயர்ப்பலகையின் எண்களையே பார்க்கலாம். நடு எழுத்தின் செவ்வகம் (510, 300, 922, 705); அதாவது அகலம் 412, உயரம் 405. அடுத்து நிற்கும் அனுஸ்வாரத்தின் செவ்வகம் (960, 533, 1136, 704). அகலம் 176, உயரம் 171. ஒன்றின் அடி 705-இல், மற்றதன் அடி 704-இல். இரண்டும் ஒரே அடிக்கோட்டில் அமர்ந்திருக்கின்றன. சிறிய வட்டத்தின் தலை மட்டும் 233 பிக்சல் கீழே தொடங்குகிறது. இவற்றை 200 உயரத்துக்கு மாற்றினால் முதலாவது 203-க்கு 200, இரண்டாவது 206-க்கு 200. மூன்று பிக்சல் வேறுபாட்டைக் குறும்படத்தில் யார் காண்பது? கோட்டின் தடிமனோ மூலத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ 38 பிக்சல். ஒரே தூரிகை, ஒரே கை. பெரிய வட்டம் பாதியாகச் சுருங்கியதால் அதன் கோடு 19 ஆயிற்று. சிறியது பெரிதானதால் அதன் கோடு 44 ஆயிற்று. நான் கண்ட இரண்டு தூரிகைகளும் இந்த வகுத்தலில் பிறந்தவை.

இதில் இரண்டு இழப்புகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஓரத்தை வெட்டுவது அளவை மாற்றுவதில்லை. 412 பிக்சல் அகலம் 412 ஆகவே இருக்கும். அது எடுத்துக்கொள்வது இடத்தை. எழுத்து வரியில் எங்கே நின்றது, அடிக்கோட்டில் அமர்ந்ததா, மேலே தொங்கியதா என்ற செய்தி அந்த ஒளிபுகும் பரப்பில் மட்டுமே இருந்தது. காற்புள்ளியையும் ஒற்றை மேற்கோள் குறியையும் தனித்தனிக் கோப்புகளில் வெட்டிப் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே படமாகிவிடும். அளவை மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை. அளவை மாற்றுவது இரண்டாவது இழப்பு. அது பெரியதையும் சிறியதையும் சமமாக்குகிறது. என் வட்டங்களில் இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

இந்தத் தெளிவு வந்தபின் யூதத் தெருவில் எடுத்த படங்களையும் அச்சத்தோடு திறந்தேன். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியின் பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடிகாரக் கோபுரம் நிற்கிறது. அதன் முகங்களில் எபிரேயம், மலையாளம், ரோமன் என்று வெவ்வேறு எண்முறைகள். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள்: ஆறுக்கு வாவ், பத்துக்கு யோத். வாவ் மேலிருந்து அடிக்கோடு வரை இறங்கும் கோடு. யோத் அதே தலையோடு மேலேயே நின்றுவிடும் குறுங்கோடு. யோத்தின் ஓரத்தை வெட்டினால் அது தொங்கிக்கொண்டிருந்த செய்தி போய்விடும். உயரத்தையும் சமமாக்கினால் சற்றுத் தடித்த வாவ் கிடைக்கும். கடிகார முகத்தில் பத்தாம் மணியின் இடத்தில் இருப்பதை யாரும் ஆறு என்று படிக்கமாட்டார்கள். என் கோப்புறையில் மணியின் இடம் இல்லை. நல்லவேளையாக அந்தப் படங்களை நான் இன்னும் எழுத்துவாரியாகப் பிரித்திருக்கவில்லை.

அச்சுக்கலை இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. ஈய அச்செழுத்தில் முகம் சிறியதாக இருந்தாலும் அது நிற்கும் கட்டையின் உயரம் அந்த அளவின் எல்லா எழுத்துகளுக்கும் ஒன்றுதான். காற்புள்ளிக்கும் ககரத்துக்கும் ஒரே உயரக் கட்டை. ஈயம் போய்க் கணினி எழுத்துரு வந்தபோதும் கட்டை எண்ணாக மாறியதே தவிர மறையவில்லை. ஒரு ட்ரூடைப் கோப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் இறுக்கமான செவ்வகத்தின் நான்கு எண்கள் உண்டு. அவை அடிக்கோட்டை சுழியாகக் கொண்டு அளக்கப்பட்டவை. எழுத்துக்குப்பின் எவ்வளவு நகர வேண்டும் என்ற எண் வேறோர் அட்டவணையில் இருக்கும். செவ்வகத்தை இறுக்குகிறார்கள், அது எங்கிருந்தது என்பதை மறப்பதில்லை.

நானும் அந்த வழிக்கே வந்தேன். இப்போது இடவலமாக ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வெட்டுகிறேன். மேல்கீழாக ஒரு வரியின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எல்லை. வரியில் எல்லாவற்றிலும் உயரமாகத் தொடங்குவதன் தலையும் எல்லாவற்றிலும் தாழ முடிவதன் அடியும் அந்த எல்லைகள். நம் பலகையில் மகரமும் டகரத்தின் உயரத்துக்குள் அடங்கிவிடுவதால் மேல் 300, கீழ் 705. அனுஸ்வாரம் 176 அகலமும் 405 உயரமும் கொண்ட படமாகிறது. அதன் மேற்பாதி வெறுமை. அட்டவணையில் 200 உயரத்துக்குச் சுருக்கினாலும் இப்போது வரி முழுவதும் ஒரே விகிதத்தில் சுருங்கும். பெரிய வட்டம் பெரிதாகவே நிற்கும், கோடு இரண்டிலும் 19 பிக்சல்.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. செவ்வகம் எப்போதும் படத்தின் விளிம்புக்கு இணையாகவே இருக்கும். கீழே நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் பலகை சரிந்திருந்தால் அடிக்கோடும் சரியும்; வரியின் கடைசி எழுத்து முதல் எழுத்தைவிட நாற்பது, ஐம்பது பிக்சல் கீழே இருக்கும். அப்போது பொது எல்லை எதையும் சொல்லாது. பலகையின் நான்கு மூலைகளைக் குறித்துப் படத்தை நேராக்கிய பிறகே வெட்ட வேண்டும். 705, 704 என்ற நெருக்கம் அந்த நேராக்கல் சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரியாக, வெட்டியபோது கிடைத்த நான்கு எண்களையும், மூலத்திரையின் அகல உயரத்தையும், அடிக்கோட்டின் எண்ணையும், மூலப்படத்தின் பெயரையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதிவைக்கிறேன். இமேஜ்மேஜிக் பயன்படுத்துவோர் வெட்டாமலே செவ்வகத்தை அறிய

```
magick matham_2.png -format "%@" info:
```

என்று கேட்கலாம். தூசி நீக்கிய என் கோப்புக்கு `412x405+510+300` என்று வந்தது; கூட்டல் குறிகளுக்குப் பின்னுள்ளவை இடத்திலிருந்தும் மேலிருந்தும் உள்ள தொலைவு. அதே கருவியில் `-trim` மட்டும் கொடுத்தால் வெட்டிய இடத்தைப் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே ஒரு துண்டில் குறித்துவைக்கும். `+repage` சேர்த்தால் அதை அழித்துவிடும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பலவும் இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்கின்றன. நானும் காரணம் கேளாமல் முன்பு அப்படித்தான் செய்துவந்தேன். உலாவிகள் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பியிருப்பதும் சரியல்ல, சிஎஸ்வி போதும்.

தூசியைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எல்லை மதிப்பு 16 எல்லாத் தூசியையும் பிடிக்காது. சுவரில் தெறித்த வண்ணத்துளி முழுத் திண்மையோடு நிற்கும். ஒரு துளி போதும், செவ்வகத்தை நூறு பிக்சல் இழுத்துவிட. ஆகவே ஒன்றோடொன்று ஒட்டிய பிக்சல்களைத் திட்டுகளாக எண்ணி, மிகப்பெரிய திட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தவற்றைத் தள்ளும்படி ஒரு விதி எழுதினேன். மலையாளப் பலகைகளில் அது நன்றாக வேலை செய்தது. ஒப்பீட்டுக்காகக் கோயம்புத்தூரில் எடுத்த தமிழ்ப் பலகைகளில் ஓட்டியபோது மெய்யெழுத்துகளின் புள்ளிகளை எல்லாம் துடைத்துவிட்டது. 'பக்கம்' என்ற சொல் 'பககம' ஆயிற்று. புள்ளி சிறிய, தனித்த திட்டு. விதியின் கண்ணில் அது தெறித்த துளி. கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை என்பதைப் படித்து வளர்ந்த மாணவன் இந்தப் படங்களைக் கண்டால் என்ன முடிவுக்கு வருவான் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை நானே கண்டுபிடித்துவிட்டேன். இப்போது நிரல் சிறு திட்டுகளை நீக்குவதில்லை. அவை உள்ள கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியலிடுகிறது. பார்த்துத் தீர்மானிப்பது என் வேலை. 1,900-இல் 212 கோப்புகள் அந்தப் பட்டியலில் வந்தன; இரண்டு மாலைகள் ஆயின.

ஏழு மெல்லிய வட்டங்களுக்குத் திரும்புகிறேன். ஐந்துக்கு மூலப்படம் இருந்தது. புதிய முறையில் வெட்டியதும் ஐந்தும் அதிகர டகரமாகவே நின்றன. மற்ற இரண்டும் நான் தொடங்கிய காலத்தவை. அப்போது மடிக்கணினியில் இடம் போதாமல், வெட்டிய கோப்பை மூலத்தின் பெயரிலேயே சேமித்துவந்தேன். உயரத்தை மாற்றிய பின்னரும் அதே பெயர்தான். எஞ்சியிருப்பவை 200 பிக்சல் உயரமுள்ள இரண்டு வட்டங்கள். கோட்டின் தடிமனை வைத்து ஊகிக்கலாம்: ஒன்றில் 18, மற்றதில் 21, பெரிய வட்டமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மெல்லிய தூரிகையால் எழுதிய அனுஸ்வாரமும் அப்படித்தானே இருக்கும்? ஒரே தூரிகை என்பதை நிறுவுவதற்கு அதே பலகையின் மற்ற எழுத்துகள் மூல அளவில் வேண்டும். அவையும் 200 உயரத்தில்தான் இருக்கின்றன.

சென்ற வாரம் மழை விட்ட ஒரு காலையில் அந்தப் பலகைகளைத் தேடிப் போனேன். முதலாவது ஒரு பாடநூல் கடையினுடையது. கடை இருக்கிறது, பெயர் இப்போது ஃபிளெக்ஸில் அச்சாகியிருக்கிறது. பழைய பலகையைப் பற்றிக் கேட்டேன். "அதோ அந்த ஓடைக்கு மேலே போட்டிருக்கிறோம், எழுத்து கீழ்ப்பக்கம்" என்றார் கடைக்காரர். புரட்டிப் பார்க்க இருவர் வேண்டும். மழைக்காலம் முடியட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். இரண்டாவது ஒரு மதிற்சுவர். வெள்ளையடித்திருக்கிறார்கள். சிஎஸ்வி கோப்பில் அந்த இரண்டு வரிகளிலும் நான்கு எண்களுக்கான கட்டங்கள் காலியாக உள்ளன; எழுத்து என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.